ஊற்றுகிறவருக்கு முப்பது நொடி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘சுருக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நெற்றியில் விழுந்திருக்கும் கோடுகளைப் பார்த்து வைத்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அதெல்லாம் இல்லை. “சுருக்கமா சொல்றேன்” என்று ஆரம்பித்து, எதிராளியின் டீ ஆறி, ஆடை படிந்து, அதில் ஈ விழுந்து, அதற்கும் பிறகுதான் நிறுத்துவார். அப்படி வந்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஏன் வருத்தம் கிடையாது என்று கேட்டால் விளக்கமாகச் சொல்லுவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் படைத்தவன் கொடுத்த உத்தியோகம், முப்பது நொடி விழிப்புணர்வுப் படங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது. தொந்தி வைத்தவனைப் பிடித்து சாவித் துவாரம் வழியாக வீட்டுக்குள் போகச் சொன்ன மாதிரி. இது அவரே சொல்லிக்கொண்ட உவமைதான். தன்னைப் பற்றிக் கேலி பேசுவதில் மட்டும் அவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்.

தலைக்கவசம் பற்றி அவர் எழுதிய படத்தில் தலைக்கவசம் வருவது இருபத்தேழாவது நொடியில். அதற்குள் அந்த வாலிபனுடைய குடும்பம், அவன் அம்மாவின் மூட்டுவலி, தங்கையின் படிப்பு, மேலதிகாரி அவனைப் பாராட்டியது எல்லாம் வந்துவிடும். படத்தைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். “அந்தப் பொண்ணுக்கு காலேஜ்ல இடம் கிடைச்சுதா, இல்லையா?”

அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. முதல் மாடியில் கல்யாண வீடியோ, இரண்டாவது மாடியில் விழிப்புணர்வு. முதலாளி ஒருவரே. கீழே சம்பாதிப்பதை மேலே விடுகிறேன் என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

அந்த முறை அவர் சொல்லிக்காட்டியதோடு நிறுத்தவில்லை.

“இங்க பாருங்க. சுகாதார இலாகாவுல இருந்து ஒரு படம் வந்திருக்கு. இந்தத் தடவை அவங்க புதுசா ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க. படம் எடுக்கறதுக்கு முன்னாடி, ஸ்கிரிப்டை படம் வரைஞ்சு, குரல் சேர்த்து, சாதாரண ஜனங்களுக்குக் காட்டுவாங்களாம். பார்த்தவங்க எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னாத்தான் மேற்கொண்டு வேலை. ஆளுக்கு ஒண்ணு சொன்னா வேற கம்பெனிக்குப் போயிடும்.”

“நல்ல ஏற்பாடு சார். இதுல என்னன்னா…”

“இருங்க. போச்சுன்னா, நீங்க கீழ் மாடிக்குப் போயிடுங்க. கல்யாண வீடியோவுக்கு நடுநடுவுல நாலு வரி எழுத ஆள் தேவைப்படுது. ‘இரு இதயங்கள் இணையும் பொன்னாள்’னு. அங்க மூணு மணி நேரம் ஓடும். உங்களுக்கும் வசதி.”

சுருக்கம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரு இதயங்கள். பொன்னாள். இத்தனை வருஷம் காய்ச்சல், கொசு, சாலை விபத்து, மின்சாரம் என்று மனித உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பேனா. காப்பாற்றியதா என்பது வேறு விஷயம். முயற்சி செய்தது.

*

இலாகாவின் கூட்ட அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கம் அதிகாரி அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். பக்கத்தில் விஷ முறிவுப் பிரிவின் டாக்டர். தூங்காத கண்கள்.

“விஷயம் இதுதான்,” என்றார் அதிகாரி அம்மாள். “தரை துடைக்கிற லிக்விட், கழிப்பறை ஆசிட், மண்ணெண்ணெய் இதையெல்லாம் ஜனங்க ஜூஸ் பாட்டில்ல, தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கறாங்க. வேற யாரோ எடுத்துக் குடிச்சிடறாங்க. இதுக்கு ஒரு படம் வேணும். முப்பது நொடி. ஒரே ஒரு செய்தி. தெளிவா இருக்கணும்.”

“ஒரே ஒரு செய்தி,” என்று சுருக்கம் எழுதிக்கொண்டார்.

“அதோட, குழந்தைக்கு எட்டாத இடத்துல வெக்கணும்கிறதும் வந்துடட்டும்.”

எழுதிக்கொண்டார்.

டாக்டர் நிமிர்ந்தார். “குடிச்சிட்டாங்கன்னா வாந்தி எடுக்க வெக்கக்கூடாது. அது ரொம்ப முக்கியம். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுலயே விரலை விட்டு வாந்தி எடுக்க வெச்சு, போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை தொண்டையை வேகவெச்சுட்டுத்தான் கூட்டிட்டு வர்றாங்க.”

“ஐயோ,” என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

“அப்புறம் அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வரணும். என்ன குடிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா?”

“உதவி எண் கட்டாயம்,” என்றார் அதிகாரி அம்மாள். “லேபிளைப் படிக்கணும்னும் ஒரு வரி. இலாகா லோகோ. எல்லாம் வந்துடட்டும், ஆனா ஒரே செய்தி.”

இந்த இடத்தில் வேறு எந்த எழுத்தாளனாக இருந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். சுருக்கம் கேட்கவில்லை. அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் உயிர் காக்கிற விஷயம். இதில் எதை விடுவது? விட்டால் பாவமில்லையா? எல்லாவற்றையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

*

பின்னணிக் குரல் கொடுக்கிற அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி தெரியும். பாட்டு படித்தவர். அவரே ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வந்து, நெஞ்சில் கை வைத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

“தண்ணி குடுங்க. பாட்டில்ல வேணாம், டம்ளர்ல குடுங்க.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எடிட்டர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தாள். நாக்கில் வெட்டுக்கத்தி வைத்திருக்கிற பெண். “நாப்பத்தெட்டு நொடி சார். அதுவும் கமா, புள்ளி எல்லாத்தையும் முழுங்கிட்டு.”

“இன்னும் கொஞ்சம் வேகமா படிச்சா…”

“சார், இது விழிப்புணர்வுப் படமா, ஏலமா? நிதானமா பேசினா முப்பது நொடிக்கு அம்பது சொல் தாங்கும். நீங்க நூத்துச் சொச்சம் எழுதியிருக்கீங்க. அதுல பார்க்கறவன் எப்ப பார்ப்பான்? எப்ப யோசிப்பான்? ஒரு நொடியாவது சும்மா இருக்க விடுங்களேன்.”

சும்மா இருக்கிற நொடி. சுருக்கத்துக்கு அது வாடகைக்கு விடாத அறை மாதிரி. பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் நாற்பத்தெட்டு முப்பதுக்குள் அடங்காது என்பது கணக்கு. அதனால் அவர் பேச்சைக் கொஞ்சம் குறைத்து, குறைத்ததையெல்லாம் திரையில் எழுத்தாக ஓடவிட்டார். குரல் ஒன்று சொல்லும். அதே நேரத்தில் கீழே எழுத்து இன்னொன்று சொல்லும். நடுவில் படம் மூன்றாவதாக ஒன்றைக் காட்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் மூன்று மடங்கு புரியும் என்பது அவருடைய அப்போதைய சித்தாந்தம்.

எடிட்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, வரைந்த படங்களைக் கோத்து, அளந்து, சரியாக முப்பதாவது நொடியில் வெட்டிக் கொடுத்தாள்.

*

பரீட்சை நடந்தது ஓர் ஆஸ்பத்திரியில். வெளி நோயாளிகள் காத்திருக்கிற கூடத்தை ஒட்டி ஊசி போடுகிற சிறு அறை. அன்றைக்கு அதைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். மேசை மேல் ஒரு மடிக்கணினி. இலாகாவிலிருந்து வந்த ஊழியப் பெண் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். கும்பலாகக் காட்டினால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்களாம். ஒரே ஒரு தடவை காட்டுவார். பிடித்திருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கமாட்டார். ஒரே கேள்வி: “இந்தப் படம் உங்களை என்ன செய்யச் சொல்லுது?”

எழுதியவருக்கும் இடம் உண்டு. பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால். ஒரு நிபந்தனை: வாயைத் திறக்கக்கூடாது.

“படம் டி.வி.ல வரும்போது நீங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல முடியாது இல்லையா? அதான்,” என்றார் ஊழியப் பெண்.

“சரிதான். அதை எப்படிச் சொல்லலாம்னா…”

“திரைக்குப் பின்னாடி போயிடுங்க சார்.”

முதலில் வந்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. படத்தைக் கண் கொட்டாமல் பார்த்தார். திரைக்குப் பின்னால் சுருக்கம் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார்.

“என்ன செய்யச் சொல்லுதுங்க?”

“ஜூஸ் வாங்கச் சொல்லுது.”

அடுத்து பஸ் கண்டக்டர் ஒருவர். “வாந்தி எடுக்க வெக்கணும்னு சொல்லுது.” ‘கூடாது’ என்பது குரலில் இருந்தது, அந்த நேரத்தில் அவர் கீழே ஓடின எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா மட்டும் நிறையச் சொன்னார். உயரத்தில் வைக்க வேண்டும், லேபிள் படிக்க வேண்டும், ஏதோ ஓர் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். “எந்த எண்?” அது போய்விட்டது. “இதுல எதை முதல்ல செய்வீங்க?” வாத்தியாரம்மா யோசித்தார். “எல்லாமே நல்லதாத்தான் இருக்கு. பார்ப்போம்.”

பார்ப்போம் என்றால் செய்யமாட்டோம் என்று அர்த்தம். அது சுருக்கத்துக்கே தெரியும். அவர் மனைவியிடம் தினமும் சொல்லுகிற சொல் அது.

அதற்கடுத்து வந்த தையல்காரர், “வீட்டுல ஆசிட் இருந்தா அதை ஜூஸ் பாட்டில்ல ஊத்தி, எட்டாத இடத்துல வெக்கச் சொல்லுது,” என்றதும் திரைச்சீலை பொறுக்கவில்லை. வளையங்கள் கிறீச்சிட, சுருக்கம் வெளியே பாய்ந்தார்.

“ஐயா, அப்படி இல்லீங்க! சுருக்கமா சொல்றேன்…”

தையல்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஊசி போடும் அறையில் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் கையை ஓங்கிக்கொண்டு வந்தால் யார்தான் சாயமாட்டார்கள்?

அதிகாரி அம்மாள் மாலையில் முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னதன் சாரம்: பாஸாகவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு. அடுத்த வாரம். எழுதியவர் வராமலிருந்தாலும் பரவாயில்லை.

முதலாளி சுருக்கத்தைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. முதல் மாடியில் ஜன்னலோரமாக ஒரு மேசையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கண்ணில் பட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை. சுருக்கத்தின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு எதையும் படிக்கப் பிடிக்காது. சுருக்கம் எழுதுவதை நிச்சயமாகப் பிடிக்காது. அன்று அவள் தம்பி வந்திருந்தான். வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு வந்தவன், சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டே நேராகச் சமையலறைக்குள் போனான்.

சுருக்கம் கூடத்தில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதை வெட்டுவது? டாக்டர் சொன்னதை வெட்டினால் டாக்டர் கோபிப்பார். உதவி எண்ணை வெட்டினால் அதிகாரி அம்மாள். லேபிளைப் படிக்கச் சொல்லும் வரியை வெட்டினால் தன் மனசாட்சி.

“அக்கா, இதென்ன ஜூஸ் இப்படி நுரைக்குது? சோடா கலந்து வெச்சிருக்கியா?”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். அடுத்த கணம் அவள் சமையலறையில் இருந்தாள். கண்ணாடி டம்ளர் தொட்டியில் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

“டேய்! வாயில வெச்சியா? சொல்லுடா, வாயில வெச்சியா?”

“இல்லக்கா! என்னக்கா? ஊத்தினேன், நுரைச்சுது, அதான் கேட்டேன்.”

சுருக்கம் போய்ப் பார்த்தபோது, தொட்டி முழுக்க மஞ்சள் நுரை. மேடை மேல் எலுமிச்சை ஜூஸ் பாட்டில். அதில் பாதிக்கு மேல் மஞ்சள் நிறத்தில் தரை கிளீனர். மணமும் எலுமிச்சைதான், கம்பெனிக்காரன் அதற்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறான். பெரிய கேனாக வாங்கினால் மலிவு என்று வாங்கியது. தினமும் தூக்கிச் சாய்க்க முடியவில்லை என்று, போன மாதம் புனல் வைத்து ஜூஸ் பாட்டிலில் ஊற்றியது.

ஊற்றியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டிலைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதமே சொன்னது. பொடிப் பொடி எழுத்தில், கழுத்திலிருந்து அடிவரை: ‘அன்பர்களின் கவனத்திற்கு. இப்பாட்டிலில் இருப்பது பழச்சாறு அன்று. தரை சுத்தம் செய்யும் திரவமாகும். இதனை அருந்துவது உடல் நலத்திற்குத் தீங்கு விளைவிக்கும். குழந்தைகளிடமிருந்து…’

“இவ்வளவு எழுதி ஒட்டியிருக்கேன், படிக்கலையாடா?” என்றார் சுருக்கம். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

“யாரு மாமா படிப்பா? தாகத்துல வந்தேன், பாட்டிலைப் பார்த்தேன், ஊத்தினேன். ஜூஸ் பாட்டில்ல எழுதியிருக்கறதை உட்கார்ந்து படிக்கறதுக்கு நான் என்ன பரீட்சைக்கா போறேன்?”

“மோந்து பார்த்திருக்கலாம் இல்ல?”

“மோந்துதான் பார்த்தேன். எலுமிச்சை வாசனை வந்துது!”

“ஜாக்கிரதையா இருக்க வேணாமா ஒரு மனுஷன்?”

மைத்துனனுக்கு இப்போதுதான் நடந்தது உறைத்தது. உடைந்த டம்ளரைக் காட்டிக் கத்தினான். “என்னை எதுக்கு மாமா கேக்கறீங்க? குடிக்க வந்தவனைப் போய் ஜாக்கிரதையா இருடாங்கறீங்க. ஊத்தினவரு நீங்கதானே? உங்களைக் கேளுங்க!”

மனைவி பாட்டிலை வெளியே எடுத்துப் போய் மேல்மூடியை இறுக்கி, ஓர் ஓரமாக வைத்தாள். திரும்பி வந்து தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்த பார்வையில் முப்பது நொடிப் படம் ஒன்று ஓடி முடிந்தது. அதில் வசனமே இல்லை. ஒரே செய்தி. தெளிவாக இருந்தது.

சுருக்கம் கூடத்துக்குத் திரும்பி வந்து காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன்னையே உதைத்துக்கொள்ள எந்தக் காலைப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். பாட்டிலில் விஷத்தை ஊற்றாதீர்கள் என்று ஊருக்கு எழுதுகிற ஆசாமி வீட்டில், விஷத்தைச் சுற்றி அவருடைய ஸ்கிரிப்ட் ஒட்டியிருக்கிறது. அதே நடை. அதே நீளம். அதே பலன்.

எதிரில் கிடந்த பழைய ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தார். லேபிளைப் படியுங்கள் என்பது யாருக்கு? குடிக்கிறவனுக்கு. வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்பது? குடித்தவனின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு. உதவி எண்? குடித்த பிறகு. எல்லாம் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் பேசுகிறது. பாட்டிலுக்கு இந்தப் பக்கம், புனலும் கையுமாக நின்றுகொண்டு, ‘பெரிய கேன் கனக்குதே’ என்று முனகுகிற அந்த ஒரே ஆளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளை இவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறார்.

அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? ஊற்றாதே. சரி, ஊற்றாமல் என்ன செய்ய? வந்த கேனிலேயே இருக்கட்டும். அவ்வளவுதான்.

‘அவ்வளவுதான்’ என்று அவர் வாழ்க்கையில் மனதாரச் சொன்னது அப்போதுதான்.

*

“இதுல டயலாக் எங்க சார்? அடுத்த பக்கமா?” என்று எடிட்டர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

முதல் ஐந்து நொடி: காலி ஜூஸ் பாட்டில். அதன் வாயில் ஒரு கை புனலைச் செருகுகிறது. மேலே கிளீனர் கேன் சாய்கிறது. திரவம் விளிம்புக்கு வந்துவிட்டது, இன்னும் விழவில்லை.

அங்கே வெட்டு. அடுத்த பதின்மூன்று நொடி: வெயிலிலிருந்து உள்ளே வருகிற ஒருவரின் கை. அதே பாட்டில், இப்போது நிறைந்திருக்கிறது. மூடி திறக்கிறது. டம்ளரில் ஊற்றுகிறது. டம்ளர் மேலே போகிறது. முகம் தெரிவதற்குள் மறுபடி வெட்டு.

அடுத்த ஆறு நொடி: மறுபடி அதே புனல். திரவம் இன்னும் விளிம்பிலேயே நிற்கிறது. கை தயங்குகிறது. புனலை எடுத்துவிடுகிறது. கேனை அப்படியே வாளியில் சாய்க்கிறது, மூடுகிறது. குரல் இப்போதுதான் முதன்முறையாக வருகிறது: “நீங்க ஊத்தறது வேற. அவங்க எடுக்கறது வேற.”

கடைசி ஆறு நொடி: அலமாரியில் கேன். காலி பாட்டில் குப்பையில். எழுத்தும் குரலும் ஒன்றையே சொல்கின்றன: ‘வந்த கேனிலேயே இருக்கட்டும்.’

எடிட்டர் ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்தாள். “உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?”

இலாகாவில்தான் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது. டாக்டர் இரண்டு தடவை படித்தார். “வாந்தி விஷயம்?”

“டாக்டர், அது நீங்க சொன்னதுலயே முக்கியமான விஷயம். அதனாலதான் இதுக்குள்ள போட்டு நசுக்க வேணாம்னு நினைக்கறேன். குடிச்சப்புறம் என்ன செய்யணும்கறதுக்குத் தனியா ஒரு படமே வேணும். இல்லைன்னா உங்க வாசல்லயே பெருசா ஒரு போஸ்டர். இந்தப் படம் குடிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது.”

டாக்டர் தலையாட்டினார். “குழந்தையைக் காட்டாதது நல்லது. குழந்தை குடிக்கற மாதிரி காட்டினா, பார்க்கற குழந்தை அதையே செஞ்சு பார்க்கும். நானே சொல்லணும்னு இருந்தேன்.”

அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உதவி எண் இல்லாம இந்த இலாகாவுல இருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட வெளிய போனதில்லை.”

“கடைசி ஆறு நொடியில ஜனங்க ஒண்ணைத்தான் படிப்பாங்க மேடம். எண்ணைப் போட்டா எண்ணைப் படிப்பாங்க. அதையும் மறந்துடுவாங்க. அந்த எண் குடிச்சவங்களுக்கு. இந்தப் படம் ஜெயிச்சா அந்த எண்ணுக்கு வேலை குறையும்.”

“ஜெயிக்கலைன்னா?”

“எனக்குக் கீழ் மாடியில மேசை போட்டு வெச்சிருக்காங்க மேடம்.”

அதிகாரி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சின்னதா லோகோ மட்டும் ஓரத்துல. அது இல்லைன்னா எனக்கும் கீழ் மாடிதான். ஆனா ஒண்ணு, முதல்ல சத்தமில்லாம காட்டுவோம். ஆஸ்பத்திரி டி.வி.ல எங்கயும் சத்தம் வெக்கறதில்லை.”

*

மறுபடியும் ஊசி போடும் அறை. மறுபடியும் பச்சைத் திரைச்சீலை. ஊழியப் பெண் இந்தத் தடவை அதன் ஓரத்தைச் சுவரில் ஊசி குத்தி நிறுத்தியிருந்தார். சுருக்கம் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லி வைத்ததல்ல; தன்னைத் தெரிந்தவர் செய்கிற ஏற்பாடு.

முதலில் ஒரு லாரி டிரைவர். மடிக்கணினியில் சத்தமே இல்லாமல் முப்பது நொடி ஓடியது. அவ்வளவு நீளமான முப்பது நொடியைச் சுருக்கம் வாழ்க்கையில் கடந்ததில்லை.

“என்ன செய்யச் சொல்லுதுங்க?”

“கிளீனரை ஜூஸ் பாட்டில்ல ஊத்தாதேங்குது. அந்த கேன்லயே வெச்சுக்கோன்னு.”

அடுத்து ஒரு கல்லூரிப் பெண். “பாட்டில் மாத்தக்கூடாது.” அதற்கடுத்து, கையில் கட்டுப் போட்டிருந்த சமையல்காரர். “கேனைத் தூக்கச் சோம்பேறித்தனப்பட்டா வீட்டுல எழவு விழும்னு சொல்றாங்க. கேன்லயே விட்டுடணும்.” வார்த்தை ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது, விஷயம் ஒன்றாகவே இருந்தது. பெரியவர் ஒருவர் மட்டும், அந்தச் சமையலறை அலமாரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அவரைச் சுருக்கம் மனதார மன்னித்தார். தானும் அந்த ஜாதிதான்.

பிறகு ஒரு பெண் வந்தாள். மடியில் தூங்குகிற குழந்தை. படம் முடிந்தது. ஊழியப் பெண் கேள்வியைக் கேட்டார். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

“ஹலோ, நான்தான். ஏங்க, தொட்டிக்குக் கீழ ஒரு தண்ணி பாட்டில் இருக்கும் பாருங்க. நீல மூடி. அதுல இருக்கறது தண்ணி இல்லீங்க, ஆசிட். நான்தான் ஊத்தி வெச்சேன். யாரும் தொடாம நான் வர்ற வரைக்கும் மேல எடுத்து வெச்சுடுங்க. அப்புறம் சொல்றேன். முதல்ல எடுங்க. எடுத்துட்டீங்களா? எடுத்துட்டேன்னு சொல்லுங்க.”

பிறகு ஊழியப் பெண்ணைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க. என்ன கேட்டீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. நீங்க போகலாம்.”

திரைச்சீலைக்குப் பின்னால் கைக்குட்டை ஈரமாகிவிட்டிருந்தது. வாயில் வைத்திருந்ததால்தான் என்று சுருக்கம் பிற்பாடு சாதித்தார்.

*

முதலாளி அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். சுருக்கத்தின் முதுகில் தட்டினார். “பிரமாதம்! இலாகா அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாங்க. இவ்வளவு சிக்கனமா எழுதற கை உங்களுக்கு இருக்குன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே. அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன்.”

“என்ன சார்?”

“மேல இருக்கறதும் உங்களுதுதான். கீழ கல்யாண வீடியோவையும் நீங்களே பார்த்துக்குங்க. இப்பதான் நாலே வார்த்தையில எழுத வருதே.”

எடிட்டர் டீயை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பின்னால் தோள் குலுங்குவது தெரிந்தது.

இதற்கு மறுப்புச் சொல்ல சுருக்கத்திடம் பதினேழு காரணங்கள் இருந்தன. எல்லாம் உண்மை. எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்தாள். சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேன் இருந்தது. ஒரு கையால் தூக்கலாம். மருந்துக்கடையிலிருந்து வரும்போது அவளே வாங்கி வந்திருக்கிறாள்; விலை கொஞ்சம் அதிகம். பாட்டில் இல்லை. காகிதம் ஒட்டவில்லை.

“என்னாச்சுங்க பரீட்சை?”

சுருக்கம் செருப்பைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். லாரி டிரைவர், சமையல்காரர், நீல மூடி, அந்தப் பெண்ணின் குரல், எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன.

“புரிஞ்சுது,” என்றார்.

மனைவி காத்திருந்தாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பக்கத்தில் வந்து, புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“சூடு இல்லையே,” என்றாள்.